பட்டனை அழுத்தினால் எடுக்க ஆள் வேண்டும்

சென்னையில் பெண்களுக்கென்றே கேப் சேவை நடத்தும் நிறுவனத்தின் நிர்வாகத்துக்கு,

உங்கள் செயலியில் சென்ற வாரம் இரண்டு அறிவிப்புகள் வந்தன. இரவு 11 மணி முதல் காலை 5 மணி வரை கன்ட்ரோல் ரூம் இயங்காது, அவசர அழைப்புகள் பொது வாடிக்கையாளர் சேவைக்குப் போகும் என்பது முதலாவது. பெண் ஓட்டுநர் கிடைக்காத நேரத்தில் ‘சரிபார்க்கப்பட்ட ஆண் ஓட்டுநர்’ வருவார் என்பது இரண்டாவது. இரண்டையும் ‘சேவை மேம்பாடு’ என்ற தலைப்பில் போட்டிருக்கிறீர்கள். இந்த வண்டிகளை ஓட்டுபவர்கள், ஓட்டக் கற்றுக்கொடுப்பவர்கள், கன்ட்ரோல் ரூமில் ராத்திரி ஷிஃப்ட் பார்த்தவர்கள் சேர்ந்து இதை எழுதுகிறோம். இது மேம்பாடு இல்லை. நீங்கள் விற்பது பாதுகாப்பு. அதில் நள்ளிரவுப் பங்கை மட்டும் எடுத்துவிட்டு மீதியை அதே பெயரில் விற்கிறீர்கள்.

கன்ட்ரோல் ரூம் விஷயத்திலிருந்து தொடங்குகிறோம். எஸ்.ஓ.எஸ். பட்டன் இருக்கிறது, ஆகவே பாதுகாப்பு இருக்கிறது என்று நிர்வாகத்தில் நினைப்பதாகத் தெரிகிறது. பட்டன் செய்வது ஒரு திரையில் ஒரு வரியைச் சிவப்பாக்குவது மட்டும்தான். அதன் பிறகு நடப்பதெல்லாம் மனிதர்கள் செய்வது. முதல் 3 நிமிடங்களில் என்ன நடக்க வேண்டும் என்று எழுதிக் காட்டுகிறோம். அப்போது எத்தனை பேர் வேண்டும் என்பது தானாகத் தெரியும்.

சிவப்பு வரி வந்ததும் முதல் ஆள் பயணியை அழைக்கிறார். ஓட்டுநரை அல்ல. பட்டன் அழுத்தப்பட்டது என்பதே ஓட்டுநருக்குத் தெரியக் கூடாது, அவரை முதலில் அழைத்து “என்ன பிரச்சினை?” என்று கேட்டால் பயணியை நாமே காட்டிக்கொடுத்ததாகிவிடும். பயணியிடமும் “ஆபத்தில் இருக்கிறீர்களா?” என்று கேட்கக் கூடாது. பக்கத்தில் ஆள் இருக்கும்போது அதற்குப் பதில் சொல்ல முடியாது. வீட்டிலிருந்து பேசுவது போலப் பேசி, ஆம், இல்லை என்று மட்டும் பதில் வரும்படி கேட்க வேண்டும். பதிவு செய்யும்போதே பயணி ஒரு சொல்லைத் தேர்ந்தெடுத்து வைத்திருப்பார். பத்திரமாக இருந்தால் அந்தச் சொல் பேச்சில் வரும். “ஒன்றுமில்லை, தவறாக அழுத்திவிட்டேன்” என்று மட்டும் சொல்லி அந்தச் சொல் வராவிட்டால், அழைப்பு முடிந்ததாக எடுத்துக்கொள்ளக் கூடாது.

இந்தப் பேச்சு நடக்கும்போதே இரண்டாவது ஆள் 112-ஐப் பிடித்திருக்க வேண்டும். முதல் அழைப்பு எடுக்கப்படாமல் 30 விநாடி போனால் அதற்கு மேல் காத்திருக்க எதுவுமில்லை. 112-இல் அட்சரேகை, தீர்க்கரேகையை மட்டும் வாசித்தால் நேரம் போகும். வண்டி எண், நிறம், மாடல், எந்தச் சாலை, எந்த சிக்னலைத் தாண்டியது, எந்தப் பக்கம் நோக்கிப் போகிறது என்று சொல்ல வேண்டும். 50 கிலோமீட்டர் வேகத்தில் போகும் வண்டி 3 நிமிடத்தில் இரண்டரை கிலோமீட்டர் தாண்டிவிடும். அதனால் இடத்தைவிடத் திசைதான் ரோந்து வண்டிக்கு உதவும். மூன்றாவது ஆள் திரையை விட்டுக் கண்ணெடுக்காமல், வண்டி திரும்பும் ஒவ்வொரு திருப்பத்தையும் இரண்டாவது ஆளுக்குச் சொல்கிறார். அருகில் ஓடும் நம் வண்டி எது என்று பார்த்து, அந்த ஓட்டுநரைப் பின்தொடரச் சொல்வதும் அவர்தான். பின்தொடர்வது மட்டுமே, மறிப்பது இல்லை.

ஆக மூன்று பேர். இரண்டு பேர் இருந்தால் தட்டுத்தடுமாறிச் செய்யலாம். ஒரு ஆளால் பயணியோடு பேசிக்கொண்டே காவல்துறையோடு பேச முடியாது. நீங்கள் அழைப்பைத் திருப்பிவிட்டிருக்கும் பொதுச் சேவை மையத்தில் கட்டணத் தகராறும் தொலைந்த குடையும் வரிசையில் இருக்கின்றன. அங்கே எடுப்பவர் கையில் நேரலை வரைபடம் இல்லை. ட்ரிப் எண்ணைக் கேட்பார். பட்டனை அழுத்தியவர் ட்ரிப் எண்ணைப் படித்துச் சொல்லும் நிலையில் இருந்தால் பட்டனை அழுத்தியே இருக்கமாட்டார்.

“ராத்திரியில் மென்பொருளே பார்த்துக்கொள்ளும், ரூட் மாறினால் தானாக எச்சரிக்கை வரும்” என்று உங்கள் தரப்பில் சொல்லப்படுகிறது. அந்த எச்சரிக்கை எப்படிக் கெட்டுப்போயிருக்கிறது என்று அந்த அறையில் உட்கார்ந்தவர்களுக்குத் தெரியும். ஒரு ட்ரிப்பை எடுத்துக்கொள்வோம். இரவு 1.20, நாவலூரில் பிக்கப், அடையாறில் டிராப். செயலி போட்டுக் கொடுக்கும் வழி ஓ.எம்.ஆரில் நேராக மத்திய கைலாஷ் வரை. வண்டி போட்ட கோட்டிலிருந்து 300 மீட்டர் விலகினால் எச்சரிக்கை என்று அமைத்திருக்கிறீர்கள். ஓ.எம்.ஆரில் மாதவரம் – சிப்காட் மெட்ரோ பணி நடப்பதால் மாற்றுவழிகளும் தள்ளிப்போன யூ டர்ன்களும் சகஜம். ஒழுங்காக ஓட்டும் ஓட்டுநருக்கே ஒரு ட்ரிப்பில் எச்சரிக்கை வருகிறது. ஒரு ராத்திரியில் இது திரும்பத் திரும்ப வந்தால் பார்ப்பவர் என்ன செய்வார்? ஒலியை நிறுத்திவிடுவார். அவர் சோம்பேறி என்பதால் அல்ல. பொய் சொல்லும் மணியை யாரும் நெடுநேரம் கேட்கமாட்டார்கள்.

இப்போது அந்த வண்டி சோழிங்கநல்லூர் சிக்னலில் வலப்பக்கம் திரும்பி, அக்கரை நோக்கிப் போகும் இணைப்புச் சாலையில் இறங்குகிறது என்று வையுங்கள். ஏறத்தாழ 2 கிலோமீட்டர். பக்கிங்ஹாம் கால்வாயைத் தாண்டினால் ஈ.சி.ஆர். 300 மீட்டர் விதிப்படி இது உடனே விதிமீறல். ஆனால் ஓ.எம்.ஆரில் அடைப்பு இருந்தால் எந்த நல்ல ஓட்டுநரும் எடுக்கும் வழிதான் இது. அக்கரையில் இடப்பக்கம் திரும்பினால் நீலாங்கரை, திருவான்மியூர் வழியாக அடையாறு. அங்கே வலப்பக்கம் திரும்பினால் முட்டுக்காடு, மாமல்லபுரம். முக்கியமான திருப்பம் சோழிங்கநல்லூரில் இல்லை, அக்கரையில் இருக்கிறது. 300 மீட்டர் விதிக்கு இந்த இரண்டுக்கும் வித்தியாசம் தெரியாது. சோழிங்கநல்லூரிலேயே கத்திவிட்டு, அணைக்கப்பட்டு, அக்கரையில் ஊமையாக இருக்கும்.

கேட்க வேண்டிய கேள்வி வேறு: போகவேண்டிய இடத்துக்கு மீதமிருக்கும் சாலைத் தூரம் குறைகிறதா, கூடுகிறதா? இணைப்புச் சாலையில் போகும்போது அது பெரிதாக அதிகரிக்காது. அக்கரையில் இடப்பக்கம் போனால் குறையத் தொடங்கும். வலப்பக்கம் போனால் ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் ஏறும். மீதத் தூரம் தொடர்ந்து 1 கிலோமீட்டர் ஏறினால் மட்டும் சிவப்பு என்று வைத்தால், பெரும்பாலான யூ டர்ன்களுக்கு மணி அடிக்காது, முட்டுக்காடு பக்கம் திரும்பியதற்கு அடிக்கும். நீண்ட யூ டர்ன் உள்ள இடங்களை மட்டும் வாரம் ஒருமுறை பார்த்துத் திருத்திக்கொள்ளலாம். மணி அபூர்வமாக அடித்தால்தான் அடிக்கும்போது ஆள் திரும்பிப் பார்ப்பார். இதையும் மென்பொருளே முடிவு செய்துவிட முடியாது. அக்கரையை அறிந்த ஒருவர் திரை முன்னால் இருக்க வேண்டும்.

அடுத்தது, திரையில் தெரியும் புள்ளி. உங்கள் வண்டிகளில் பாதிக்கு மேல் அட்டாச்டு வண்டிகள். அவற்றை ஓட்டுநரின் கைபேசி வழியாகத்தான் பின்தொடர்கிறீர்கள். கைபேசி பேட்டரியை மிச்சப்படுத்த, பின்னணியில் ஓடும் செயலியைத் தானே நிறுத்திவிடும். சார்ஜ் தீரும். அணைக்கவும் அணைக்கலாம். அப்போது வரைபடத்தில் வண்டி மறைவதில்லை, கடைசியாக இருந்த இடத்தில் அப்படியே நிற்கிறது. சிக்னலில் நிற்கும் வண்டியும் தொடர்பு அறுந்த வண்டியும் பார்க்க ஒன்றே. வேறுபடுத்திக் காட்டுவது ஒரே ஒரு கட்டம்: கடைசித் தகவல் வந்த நேரம். உங்கள் திரையில் அந்தக் கட்டம் வண்டியைச் சொடுக்கி, இரண்டாவது பக்கத்துக்குப் போனால்தான் தெரியும். அதை முதல் பக்கத்துக்குக் கொண்டுவந்து, 60 விநாடி தாண்டினால் புள்ளியே சாம்பல் நிறமாகும்படி செய்ய உங்கள் மென்பொருள்காரருக்கு ஒரு நாள் வேலை.

2014 டிசம்பர் 5 இரவு டெல்லியில் செயலி வழி எடுத்த டாக்ஸியில் ஒரு பெண்ணுக்கு நேர்ந்த கொடுமையை இந்தத் தொழிலில் இருக்கும் யாரும் மறக்கவில்லை. வண்டியில் தனியாக ஜி.பி.எஸ். கருவி இல்லை, ஓட்டுநரின் கைபேசியை நம்பித்தான் ஓடியது என்றும், அவர் கொடுத்திருந்த நன்னடத்தைச் சான்றிதழ் போலி என்றும் அப்போது காவல்துறை சொன்னது. அதற்குப் பிறகுதான் நாடெங்கும் இந்தப் பேச்சு வேகமெடுத்தது. 2019 ஜனவரி முதல் புதிதாகப் பதிவாகும் டாக்ஸிகளுக்கு ஏ.ஐ.எஸ். 140 தரத்தில் இருப்பிடக் கருவியும் அவசரப் பட்டனும் கட்டாயம் என்று மத்திய அரசின் விதி வந்தது. அந்தத் தரத்தில் பயன்படும் விஷயங்கள் இருக்கின்றன. வண்டியின் மின்சாரத்தை அறுத்தாலும் கருவி தன் பேட்டரியில் 4 மணி நேரம் ஓட வேண்டும். அறுத்ததையும் எச்சரிக்கையாக அனுப்ப வேண்டும். பட்டனின் சுற்று சாதாரண நிலையில் மூடியே இருக்கும். ஒயரை வெட்டினால் சுற்று திறந்து, அதுவே எச்சரிக்கையாகப் போகும்.

காகிதத்தில் இப்படி. வண்டியில் என்ன நடக்கிறது? எஃப்.சி. காட்டும் அன்று கருவி வேலை செய்கிறது. அதனுள்ளே இருக்கும் சிம்முக்குக் கட்டிய சந்தா ஓரிரு வருடத்தில் தீர்ந்துபோகிறது, யாரும் புதுப்பிப்பதில்லை. கருவியில் விளக்கு எரியும், ஆனால் தகவல் எங்கும் போகாது. பின் இருக்கைக்குப் புது உறை போடும்போது பட்டன் உறைக்கு அடியில் போய்விடுகிறது. தடவிப் பார்த்தால் ஒரு சின்ன மேடு தட்டுப்படும், அழுத்தினால் உறைதான் அமுங்கும். இதையெல்லாம் ஆவணம் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. பின்சீட்டில் உட்கார்ந்து இரண்டு பக்கப் பட்டனையும் அழுத்தி, கன்ட்ரோல் ரூமில் எத்தனை விநாடியில் வந்தது என்று குறித்துக்கொள்ள வேண்டும். ஒரு வண்டிக்கு 5 நிமிடம், மாதம் ஒருமுறை. அப்போதே பின்கதவுகளை உள்ளிருந்து திறந்தும் பார்த்துவிடலாம். டாக்ஸியின் பின்கதவில் சைல்ட் லாக் கூடாது என்று 2019 ஜூலை முதல் விதி இருந்தும், சொந்த உபயோகத்துக்கு வாங்கிப் பிறகு மஞ்சள் போர்டுக்கு மாற்றிய வண்டிகளில் அந்தச் சின்ன நெம்புகோல் இன்னும் இருக்கிறது.

இனி ஆண் ஓட்டுநர் விஷயம். ஆண் ஓட்டுநர்கள் எல்லாரும் ஆபத்தானவர்கள் என்று நாங்கள் சொல்லவில்லை. இந்தச் சேவையைக் கூடுதல் கட்டணம் கொடுத்து எடுக்கும் பெண், ஓட்டுவது ஒரு பெண் என்பதற்காகத்தான் எடுக்கிறாள். மாற்றத்தை அவளுக்கு எப்போது சொல்கிறீர்கள்? வண்டி ஒதுக்கிய பிறகு, ஓட்டுநரின் பெயரும் படமும் வரும் இடத்தில். ராத்திரி 12.30-க்கு அலுவலக வாசலில் நிற்கும் பெண் அந்த நேரத்தில் ரத்து செய்தால் அபராதம். இது தேர்வு இல்லை. ‘இப்போது பெண் ஓட்டுநர் இல்லை, 40 நிமிடம் ஆகும்’ என்று முன்பே சொன்னால் அவள் உள்ளேயே உட்கார்ந்திருப்பாள், அல்லது வீட்டில் யாரையாவது வரச் சொல்வாள். ‘இல்லை’ என்று நேர்மையாகச் சொல்லும் சேவையை மறுநாளும் கூப்பிடுவார்கள்.

இதைவிட நுட்பமான சிக்கல் ஒன்று இருக்கிறது, அதைப் பற்றி உங்கள் அறிவிப்பில் ஒரு வார்த்தையும் இல்லை. பதிவில் பெண், ஸ்டீயரிங்கில் வேறு ஆள். சென்னையில் 2025 மார்ச்சில் தொடங்கிய பிங்க் ஆட்டோ திட்டத்திலேயே இது வந்தது. ஆண்கள் ஓட்டினால் வண்டி பறிமுதல் ஆகும் என்று அரசு எச்சரிக்க வேண்டியிருந்தது. கேப்பில் இது எப்படி நடக்கிறது என்றால், காலையில் லாகின் செய்யும்போது செல்ஃபி கேட்கிறீர்கள். அந்தப் பெண் வீட்டில் செல்ஃபி எடுத்துக் கொடுத்ததும் கைபேசியும் வண்டியும் கணவரிடமோ தம்பியிடமோ போகிறது. நாள் முழுக்க உங்கள் திரையில் ஓட்டுவது அவள்தான். நாளுக்கு ஒரு செல்ஃபி எதையும் நிரூபிக்காது. ஒவ்வொரு பிக்கப்பிலும், வண்டி நின்றிருக்கும்போது, ஓ.டி.பி. போடுவதற்கு முன்பு முகம் சரிபார்க்கப்பட வேண்டும். ஓ.டி.பி.யைச் சொல்வதற்கு முன் ஸ்டீயரிங்கில் இருப்பவரைப் படத்தோடு ஒப்பிடச் சொல்லிப் பயணிக்கும் ஒரு வரி வர வேண்டும். ஆள் மாறியிருந்தால் ஏறாமலேயே ஒரே தொடுதலில் தெரிவிக்கவும், அபராதமில்லாமல் வேறு வண்டி வரவும் வழி வேண்டும்.

ஆனால் கைமாற்றம் ஏன் நடக்கிறது என்று பார்க்காமல் தண்டித்தால் பெண் ஓட்டுநர்களை இழப்பீர்கள். வண்டிக்கு மாதத் தவணை கட்ட வேண்டும். நீங்கள் வைத்திருக்கும் ஊக்கத்தொகைக்கு ஒரு நாளில் இத்தனை ட்ரிப் என்ற கணக்கு. குழந்தைக்குக் காய்ச்சல் வந்த நாளிலும் லாகின் ஆகாவிட்டால் வாரம் முழுக்க ஊக்கத்தொகை போகிறது. ராத்திரி ஷிஃப்டில் பூட்டாத, விளக்கெரியும் கழிப்பறை எந்த பங்க்கில் இருக்கிறது என்பதை ஓட்டுநர்கள் தங்களுக்குள் கேட்டுத்தான் தெரிந்துகொள்கிறார்கள். ராத்திரியில் பெண் ஓட்டுநர்கள் குறைவு என்கிறீர்களே, காரணம் இங்கேதான் இருக்கிறது. இன்னொரு காரணமும் உண்டு. பயணி இறங்கியதும் உங்கள் திரையில் ட்ரிப் முடிந்துவிடுகிறது. ராத்திரி 2.30-க்குப் பெரும்பாக்கத்தின் உள்தெருவில் பயணியை விட்டுவிட்டுக் காலி வண்டியோடு தனியாகத் திரும்பும் ஓட்டுநரை யாரும் பார்ப்பதில்லை. அவளும் பெண்தான்.

எனவே எங்கள் கோரிக்கைகள் இவை. இரவு 11 முதல் 5 வரை கன்ட்ரோல் ரூமை மூடும் முடிவைத் திரும்பப் பெறுங்கள். ஷிஃப்டுக்கு மூன்று பேர், நகரத்தின் சாலைகளை அறிந்தவர்கள், அதில் ஒருவராவது முன்பு வண்டி ஓட்டியவர். எஸ்.ஓ.எஸ். அழைப்பு எந்த நிலையிலும் பொதுச் சேவை வரிசைக்குப் போகக் கூடாது. ரூட் எச்சரிக்கையை மீதத் தூரக் கணக்குக்கு மாற்றுங்கள், கடைசித் தகவல் வந்த நேரத்தைத் திரையின் முதல் பக்கத்தில் காட்டுங்கள். அட்டாச்டு வண்டி உட்பட எல்லா வண்டியிலும் தனிக் கருவி வேண்டும். சிம் சந்தாவை நிறுவனமே கட்ட வேண்டும், பட்டன் சோதனையின் தேதியைப் பின்சீட்டில் ஒட்ட வேண்டும். பயணி பார்த்துத் தெரிந்துகொள்ளட்டும்.

ஆண் ஓட்டுநரைத் தானாக ஒதுக்குவதை நிறுத்துங்கள். பெண் ஓட்டுநர் இல்லையென்றால் முன்பதிவுக்கு முன்பே சொல்லுங்கள். காவல்துறைச் சரிபார்ப்புக்கு ஓட்டுநர் தரும் நகலை ஏற்காமல் நிறுவனமே விண்ணப்பித்து, ஆண்டுதோறும் புதுப்பியுங்கள். பயணியின் கைபேசி எண் ஓட்டுநருக்குத் தெரியாதபடி இப்போது மறைக்கிறீர்கள், அது நல்லது. ஆனால் அந்த இடைநிலை எண் மறுநாளும் வேலை செய்கிறது. டிராப் ஆன 30 நிமிடத்தில் அது செத்துவிட வேண்டும். தொலைந்த பொருள் எல்லாம் கன்ட்ரோல் ரூம் வழியாகத் திரும்பட்டும். ஓட்டுநர்களுக்கு மாதம் இரண்டு நாள் ஊக்கத்தொகை பாதிக்காத விடுப்பும், இரவு வழித்தடங்களில் பேசி வைத்த கழிப்பறை வசதியும், காலி வண்டியாகத் திரும்பும்போது வீடு சேரும்வரை கண்காணிப்பும் வேண்டும்.

வரும் மாதம் 1-ஆம் தேதிக்குள் இரண்டு அறிவிப்புகளையும் திரும்பப் பெற்று, மேலே உள்ள ஒவ்வொன்றுக்கும் எந்தத் தேதியில் செய்வீர்கள் என்று எழுத்தில் பதில் தாருங்கள். அதுவரை இரவு 11 மணிக்கு மேல் உங்கள் செயலியைத் திறக்கும் பெண்ணுக்கு, ‘இந்நேரத்தில் கன்ட்ரோல் ரூம் இல்லை’ என்ற வரியை முன்பதிவுப் பொத்தானுக்கு மேலே, அதே அளவு எழுத்தில் போடுங்கள்.

இப்படிக்கு,
இரவு ஷிஃப்ட் ஓட்டுநர்கள், பயிற்றுநர்கள், கன்ட்ரோல் ரூம் பணியாளர்கள்